இலை, நெற்று, பூ: சென்னைத் தெருவோர மரங்களைப் படம் பார்த்துப் பெயர் சொல்வது எப்படி?

ஏப்ரல், மே மாதத்தில் அண்ணா நகரிலோ அடையாறிலோ நடந்தால் ஏதாவது ஒரு தெருவில் கால் வைக்கும் இடமெல்லாம் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கும். கூட வருபவரைக் கேட்டால் "சரக்கொன்றை" என்பார். பல நேரங்களில் அது சரக்கொன்றை இல்லை, இயல்வாகை. வண்டி நிறுத்த நிழல் தருகிற பெரிய குடை மரத்தை ஒருவர் வாகை என்பார், இன்னொருவர் தூங்குமூஞ்சி என்பார். இரண்டும் உறவுக்கார மரங்கள்தான், ஆனால் ஒன்றல்ல.

தெருவோர மரங்களில் குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த ஒரு கூட்டத்தில்தான்: இயல்வாகை, மயிற்கொன்றை என்கிற மே பூ மரம், தூங்குமூஞ்சி, வாகை, சரக்கொன்றை, மஞ்சட்கொன்றை. ஆறுமே அவரைக் குடும்பம். ஆறுக்கும் இலை பலவாகப் பிரிந்திருக்கும், ஆறும் நெற்று விடும். அரசையும் வேம்பையும் வாதாமையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை, அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இந்த ஆறையும் செல்போன் படத்தை வைத்துப் பிரித்துவிட்டால் தெருவில் பெரிய சிக்கல் தீர்ந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவில் இருந்து தொடங்காதீர்கள். பூ சில வாரம்தான் இருக்கும், அதன் நிறத்தைப் படமும் வெயிலும் சேர்ந்து மாற்றிவிடும். இலையில் தொடங்கி, நெற்றில் உறுதி செய்து, பூ கிடைத்தால் கடைசியில் சரிபார்ப்பதே நல்ல வரிசை.

முதல் படி: படம் எடுப்பது

பெயர் சொல்ல முடியாமல் போகிற படங்களில் பெரும்பாலானவை கீழே கிடந்த ஒற்றைச் சிற்றிலையைப் பெரிதாக எடுத்தவை. இந்த மரங்களில் சிற்றிலைகள் தனித்தனியாகவும் உதிரும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு மரத்துக்கு நான்கு படங்கள் போதும். முதலில் எதிர்ப்புறம் நின்று முழு மரம், அடிமரம் தெரியும்படி. இது மரத்தின் வடிவத்துக்கு மட்டுமல்ல. பிறகு கேலரியில் படங்களைப் பார்க்கும்போது எந்தப் படத்தில் இருந்து அடுத்த மரம் தொடங்குகிறது என்று இதுதான் காட்டும். வரிசையாகப் பத்து மரத்தைச் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், எந்த நெற்று எந்த மரத்துடையது என்று நினைவே இருக்காது.

இரண்டாவது, ஒரு முழு இலை, அது குச்சியோடு சேரும் இடம் தெரியும்படி. கைக்கு எட்டாவிட்டால் காற்றில் ஒடிந்து விழுந்த சிறு கிளையைத் தேடுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் நிச்சயம் கிடைக்கும். அதை நடைபாதையில் விரித்து நேர்மேலிருந்து எடுங்கள், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். இந்த ஒரு நாணயம் பிறகு பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

மூன்றாவது, நெற்று. தரையில் கிடப்பதை நாணயத்தோடு ஒரு படம், மரத்தில் தொங்குவதை ஜூம் செய்து ஒரு படம். இரண்டும் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. நான்காவது பூ, இருந்தால். தனிப் பூவை நேராகவும், பூங்கொத்து கிளையில் எப்படி நிற்கிறது அல்லது தொங்குகிறது என்பதைத் தள்ளி நின்றும் எடுங்கள்.

வெளிச்சத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. வானத்தைப் பார்த்து எடுத்தால் இலையெல்லாம் கறுப்பாகிவிடும். திரையில் இலையின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மஞ்சள் பூவுக்கு நேர்மாறு: உச்சி வெயிலில் இதழ் முழுவதும் ஒரே மஞ்சள் திட்டாகி, இதழில் உள்ள கோடுகள் மறைந்துபோகும். அங்கே வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். காலை எட்டு முதல் பத்துக்குள் எடுப்பது நல்லது. தூங்குமூஞ்சி மாலையில் இலைகளை மடித்துக்கொள்ளும், மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பகலிலும் மடிக்கும். வாகையும் மடிக்கும். மாலை ஆறு மணிக்கு எடுத்த படத்தில் இலைகள் வாடித் தொங்குவது போலத் தெரியும், எண்ணவே முடியாது.

இரண்டாம் படி: இலை எங்கே தொடங்குகிறது?

வேப்பிலைக் கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் "வேப்பிலை" என்று கிள்ளுவது ஒரு சிற்றிலையைத்தான். ஈர்க்கோடு சேர்ந்த மொத்தமும்தான் ஒரு இலை. இதை எப்படி உறுதி செய்வது? இலைக்காம்பு குச்சியோடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் அந்த மொட்டு இருக்காது. படத்தைப் பெரிதாக்கி மொட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மொட்டில் இருந்து நுனி வரை உள்ளது எல்லாம் ஒரே இலை.

அடுத்த கேள்விதான் இந்த ஆறு மரங்களையும் இரண்டாகப் பிரிக்கிறது. நடு ஈர்க்கில் சிற்றிலைகள் நேரடியாக ஒட்டியிருக்கின்றனவா? அல்லது நடு ஈர்க்கில் இருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கின்றனவா? நேரடியாக ஒட்டியிருந்தால் சிறகுக் கூட்டிலை, கிளை பிரிந்திருந்தால் இருமுறை சிறகுக் கூட்டிலை. சரக்கொன்றையும் மஞ்சட்கொன்றையும் முதல் வகை. இயல்வாகை, மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி, வாகை நான்கும் இரண்டாம் வகை.

மஞ்சள் பூ உதிர்ந்த தெருவில் நடக்கும் வாக்குவாதத்தை இந்த ஒரு கேள்வியே முடித்துவிடும். இலை இருமுறை பிரிந்திருந்தால் அது சரக்கொன்றையாக இருக்கவே முடியாது.

மூன்றாம் படி: ஒருமுறை பிரிந்த இலை

இது சுலபம். சரக்கொன்றையில் மூன்று முதல் எட்டு ஜோடி சிற்றிலைகள், ஒவ்வொன்றும் கை விரல் நீளமோ அதற்கு மேலுமோ இருக்கும், அகலமானவை, நுனி கூம்பியவை. பத்து ரூபாய் நாணயத்தை அதன் மேல் வைத்தால் இலை சுற்றிலும் தாராளமாக வெளியே தெரியும். மஞ்சட்கொன்றையில் ஆறு முதல் பன்னிரண்டு ஜோடி, ஒடுக்கமான நீள்வட்டச் சிற்றிலைகள், அகலம் நாணயத்தை விடக் குறைவு, நுனி மழுங்கி நடுவில் லேசான பள்ளம்.

நெற்று வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. சரக்கொன்றையின் நெற்று உருண்டையான கரிய குழல், ஒரு முழம் நீளத்துக்கும் வரும். உடைத்தால் உள்ளே குறுக்குத் தட்டுகளாக அறைகள் இருக்கும். மஞ்சட்கொன்றையுடையது தட்டையான பட்டை நெற்று, விரல் அகலம்கூட இராது, கொத்துக்கொத்தாகத் தொங்கும். பூவில் சரக்கொன்றை கீழ்நோக்கித் தொங்கும் சரம்; மஞ்சட்கொன்றை கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும் கொத்து.

இதே வகையில் புங்கையும் வரும், தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அதற்கு ஈர்க்கின் நுனியில் ஒற்றையாக ஒரு சிற்றிலை இருக்கும், மொத்தம் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு, பளபளப்பானவை. கொன்றைகளுக்கு நுனியில் ஜோடியாகவே முடியும். புங்கையின் காய் ஒரே விதையோடு, தட்டையாக, நுனியில் சிறிய மூக்கோடு இருக்கும். கீழே பொறுக்கினால் உள்ளங்கையில் அடங்கும்.

நான்காம் படி: இருமுறை பிரிந்த இலை

உண்மையான வேலை இங்கேதான். முதலில் கிளை ஈர்க்குகளை எண்ணுங்கள், சிற்றிலைகளை அல்ல. இரண்டு முதல் ஆறு ஜோடிதான் என்றால் தூங்குமூஞ்சி அல்லது வாகை. எட்டு, பத்து, அதற்கு மேல் என்றால் இயல்வாகை அல்லது மயிற்கொன்றை.

தூங்குமூஞ்சியா வாகையா? சிற்றிலையின் வடிவத்தைப் பாருங்கள். தூங்குமூஞ்சியில் ஒரே ஈர்க்கில் அடியில் உள்ள சிற்றிலை சிறியது, நுனிக்குப் போகப் போகப் பெரியது. கடைசி ஜோடிதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. ஒவ்வொன்றும் சாய்சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டியது போலக் கோணலாக இருக்கும், நடு நரம்பு சரியாக நடுவில் ஓடாது. வாகையில் சிற்றிலைகள் ஏறக்குறைய ஒரே அளவு, நீள்சதுரமாக, நுனி மழுங்கி இருக்கும். கிளை ஈர்க்கும் வாகையில் நான்கு ஜோடிக்கு மேல் அநேகமாக வராது.

நெற்றில் இந்த இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாகையுடையது வைக்கோல் நிறத்தில் காகிதம் போல் மெலிந்த தட்டை நெற்று. 15 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரியும். உலர்ந்ததும் காற்றில் சலசலக்கும்; சங்கப் பாட்டிலேயே இந்தச் சத்தம் வருகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை கொட்டிய வாகை மரம் தூரத்தில் இருந்தே வெளிறிய நெற்றுகளாலேயே தெரியும். தூங்குமூஞ்சியின் நெற்று கறுப்பு, தடிமன், ஒடித்தால் உள்ளே பிசுபிசுவென்று இனிப்பான சதை. அதைத் தின்ன ஆடு மாடு வரும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கி ரோட்டில் கறுப்புக் கறையாக ஒட்டிக் கிடப்பதும் இதுதான்.

பூவும் ஒத்துவரும். இரண்டுமே நூல் நூலாக விரிந்த உருண்டை. தூங்குமூஞ்சியில் நூலின் அடி வெள்ளை, நுனி இளஞ்சிவப்பு. வாகையில் வெளிறிய பச்சை கலந்த வெள்ளை, நல்ல மணம். படத்தில் மணம் வராது, அதனால் முகர்ந்து பார்த்ததை எழுதி வையுங்கள்.

இயல்வாகையா மயிற்கொன்றையா? பூ இருந்தால் குழந்தையும் சொல்லும்: ஒன்று மஞ்சள், மற்றது செம்மஞ்சள் கலந்த சிவப்பு. பூவில்லாத எட்டு, ஒன்பது மாதங்களில் என்ன செய்வது? மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது சிற்றிலை. இயல்வாகையில் அடர்பச்சை, ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம். மயிற்கொன்றையில் இளம்பச்சை, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது, அதனால் முழு இலையும் இறகு மாதிரி மெல்லியதாகத் தெரியும். நாணயத்தின் குறுக்கே எத்தனை சிற்றிலை நீளம் அடங்குகிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது, தளிரும் மொட்டும். இயல்வாகையின் இளங்குச்சியிலும் பூமொட்டிலும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மெல்லிய பூனை மயிர் படர்ந்திருக்கும். மயிற்கொன்றையின் இளங்குச்சி பச்சையாக இருக்கும். அதோடு இலைக்காம்பின் அடியில், குச்சியை ஒட்டி, குட்டி இறகு போலப் பிரிந்த ஒரு சின்னச் செதில் இலை இருக்கும். இந்த அடையாளத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சாலைப்பக்கம் துளிர்த்த சின்னக் கன்றில்கூட இது கைகொடுக்கும். முதிர்ந்த குச்சியில் உதிர்ந்துவிடும், ஆகவே இளங்குச்சியில் தேடுங்கள்.

மூன்றாவது நெற்று. இயல்வாகையில் 5 முதல் 10 சென்டிமீட்டர், அகலம் ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயம், இரு முனையும் கூர்மை, ஓரத்தில் மெல்லிய சிறகு. செம்பு நிறத்தில் தொடங்கிக் கறுத்துப்போகும். மரமே துருப்பிடித்தது போல் தெரிவது அதனால்தான். மயிற்கொன்றையில் கட்டைபோலக் கெட்டியான, வாள் நீட்டமான நெற்று, 60 சென்டிமீட்டர் வரை வரும். ஆண்டு முழுவதும் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சிறுவர்கள் அதை எடுத்து வாள் சண்டை போடாத தெரு கிடையாது.

ஒரு தெரு, ஒரு மரம்

இதைச் சேர்த்து ஒரு மரத்தில் பார்ப்போம். பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு குறுக்குத் தெரு, ஜூன் மாதக் காலை. தரையில் மஞ்சள் இதழ்கள் வாடிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு நெற்று. இந்த இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தவர் அவசரப்பட்டால் சொல்வார்: மஞ்சள் பூ, நீளமான கறுப்பு நெற்று, ஆகவே சரக்கொன்றை.

நெற்றின் படத்தைப் பெரிதாக்கினால் அது உருண்டைக் குழல் அல்ல, தட்டை. நாணயத்தை வைத்துப் பார்த்தால் அகலம் கிட்டத்தட்ட இரண்டு நாணயம், அதாவது ஐந்து சென்டிமீட்டர். சரக்கொன்றை அடிபட்டுப் போகிறது. மஞ்சட்கொன்றையின் நெற்றுக்கு இந்த அகலம் வராது. இந்த அளவுக்குப் பொருந்துவது மயிற்கொன்றைதான். ஆனால் அதற்கு மஞ்சள் இதழ் இவ்வளவு கொட்டாது.

இப்போது இலைப் படம். ஒடிந்து விழுந்த குச்சியில் மொட்டு தெரிகிறது, அதற்கு மேல் உள்ளது ஒரே இலை. இருமுறை பிரிந்திருக்கிறது, கிளை ஈர்க்கு ஒன்பது ஜோடி. சிற்றிலையில் இரண்டைக் கூட நாணயத்தின் குறுக்கே நீளவாக்கில் அடக்க முடியவில்லை, அப்படியென்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்குப் பக்கம். குச்சி நுனியில் துரு நிறம். இலை இயல்வாகை என்கிறது, நெற்று மயிற்கொன்றை என்கிறது.

முரண்பாடு வந்தால் மரத்தில் தொங்கும் நெற்றின் படத்துக்குப் போங்கள். அதற்காகத்தான் இரண்டு படம் கேட்டேன். ஜூம் படத்தில், பூத்து முடிந்த கொத்துகளில் செம்பு நிறச் சிறு நெற்றுகள் கூட்டமாக நிற்கின்றன. நீள நெற்று ஒன்றுகூட இல்லை. முழு மரப் படத்தில் இடது ஓரத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவருக்கு உள்ளிருந்து இன்னொரு கிளை வெளியே நீண்டு இந்த மரத்தோடு கலக்கிறது, அதில் வாள் நெற்றுகள் தொங்குகின்றன. ஆக, தெருவில் நிற்பது இயல்வாகை, சுவருக்குள் இருப்பது மயிற்கொன்றை. கடைசியாக இதழைப் பாருங்கள்: சுருக்கம் விழுந்த மஞ்சள் இதழ், அதன் அடியில் நடுவாகத் துரு நிறக் கோடு. இயல்வாகைக்கு அதுவும் பொருந்திவிட்டது.

தரையில் கிடப்பதை மட்டும் நம்பினால் நகரத்தில் இப்படித்தான் ஆகும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். பெருக்குபவர்கள் சருகைக் குவித்து இன்னொரு மரத்தடியில் வைத்திருப்பார்கள். குவியலில் இருந்து எடுத்த நெற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை.

எங்கே சறுக்கும்?

மின்கம்பிக்காக வெட்டப்பட்ட மரங்களில் கவனம் வேண்டும். வெட்டிய இடத்தில் இருந்து வேகமாகக் கிளம்பும் துளிர்களில் இலை வழக்கத்தை விடப் பெரிதாக இருக்கும், சிற்றிலையும் பெருத்திருக்கும். அதில் எடுத்த அளவு மேலே சொன்ன எண்களோடு ஒத்துவராது. வெட்டுப்படாத பழைய கிளையில் இருந்து இலை எடுங்கள். கிடைக்காவிட்டால் அளவை விட்டுவிட்டு, வடிவம், துரு நிறம், நெற்று இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

இந்த ஆறுக்கு வெளியே நின்று ஏமாற்றக்கூடியவை இரண்டு. காலி மனை ஓரங்களில் தானாக வளரும் சூபாபுல்லுக்கும் இருமுறை பிரிந்த இலைதான். ஆனால் சின்ன வெள்ளை உருண்டைப் பூவும், கைப்பிடிக் கொத்தாகத் தொங்கும் மெல்லிய தட்டை நெற்றுகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். வாகையில் நெற்றுகள் இவ்வளவு நெருக்கமான கொத்தாக வராது, அகலமும் கூடுதல். இன்னொன்று வாதநாராயணன், மயிற்கொன்றையின் நெருங்கிய சொந்தம். பூ வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறும், மகரந்தத் தாள்கள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெற்று மயிற்கொன்றையை விட மிகச் சிறியது, ஒரு சாண் அளவுக்குள் அடங்கிவிடும்.

பெயரை எழுதி வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. மயிற்கொன்றை என்று சிலர் வீட்டுத் தோட்டத்து முள் செடி ஒன்றையும் சொல்வார்கள். பெருங்கொன்றை என்பதும் இயல்வாகை என்பதும் ஒரே மரத்துக்கான பெயர்கள். ஆகவே தாவரவியல் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள்: இயல்வாகைக்கு பெல்டோஃபோரம் டெரோகார்ப்பம், மயிற்கொன்றைக்கு டெலோனிக்ஸ் ரெஜியா, தூங்குமூஞ்சிக்கு சமனியா சமான், வாகைக்கு அல்பீசியா லெப்பெக், சரக்கொன்றைக்கு கேசியா ஃபிஸ்டுலா, மஞ்சட்கொன்றைக்கு சென்னா சியாமியா.

இலையும் இல்லாமல் நெற்றும் இல்லாமல் மொட்டையாக நிற்கும் மரத்தின் படத்தை யாராவது கொடுத்தால் பெயர் சொல்ல முயலாதீர்கள். முழு மரப் படத்தையும் தேதியையும் வைத்துக்கொண்டு, துளிர்விட்ட பிறகு அதே இடத்தில் இலைப் படம் ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்.